12,000 படங்களில் 1,200 மட்டும் போதும்: ஓசூர் மொட்டை மாடியில் இருந்து வியாழனைத் தெளிவாகப் படம் பிடிக்கும் 'லக்கி இமேஜிங்'... எப்படி?

ஓசூரில் இருந்து டெல்லிக்கு நேர்க்கோடு போட்டால் சுமார் 1,750 கிலோமீட்டர் வரும். வியாழன் கோளில் அந்த அளவுள்ள ஒரு மேகத்தை, ஓசூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இருந்தபடியே படம் எடுக்க முடியும். இத்தனைக்கும், நமக்கு மிக அருகில் வரும்போதுகூட வியாழன் ஏறக்குறைய 59 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

இதற்குத் தேவையான தொலைநோக்கி ஒன்றும் ராட்சசக் கருவி இல்லை. 8 இன்ச், அதாவது 20 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி போதும். ஆனால் அதில் கேமராவை மாட்டி சாதாரணமாக ஒரு போட்டோ எடுத்தால், கிடைப்பது கலங்கிய ஓர் உருண்டைதான். காரணம், நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று.

இந்தக் காற்றை ஏமாற்ற வானியலாளர்கள் கண்டுபிடித்த வழியின் பெயர் 'லக்கி இமேஜிங்'. போட்டோவுக்குப் பதிலாக வீடியோ எடுப்பார்கள். அதில் உள்ள ஆயிரக்கணக்கான பிரேம்களில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றாக்குவார்கள். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை பிரேமை எடுப்பது, எத்தனையைத் தூக்கிப் போடுவது? அதில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

காற்று என்ன செய்கிறது?

மே மாத மதியத்தில் ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் போயிருப்பவர்களுக்கு இது தெரியும். தூரத்தில் வரும் லாரி தண்ணீருக்குள் ஆடுவதுபோல நெளியும். தார்ச்சாலையின் சூட்டில் மேலே எழும் காற்றும், பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த காற்றும் கலக்கின்றன. சூடான காற்று ஒளியை ஒருவிதமாக வளைக்கும், குளிர்ந்த காற்று வேறுவிதமாக வளைக்கும். அதனால்தான் லாரி நெளிகிறது.

இரவில் வானத்தைப் பார்க்கும்போதும் இதே கதைதான். வெவ்வேறு சூட்டில் இருக்கும் காற்றுத் திட்டுகள் தொலைநோக்கிக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நட்சத்திரம் மின்னுவதும் இதனால்தான். தொலைநோக்கி வியாழனைப் பெரிதாக்கும்போது, இந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிவிடுகிறது.

இந்தத் திட்டு ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்பதுதான் இங்கே முக்கியமான எண். ஒளி ஏறக்குறைய ஒழுங்காக வந்து சேரும் காற்றுத் திட்டின் அகலத்தை, அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஃபிரைட் பெயரால் 'ஃபிரைட் அளவு' என்கிறார்கள். சுமாரான இரவுகளில் இது 4 முதல் 5 சென்டிமீட்டர். நம் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

உங்கள் தொலைநோக்கிக் கண்ணாடி 20 சென்டிமீட்டர், காற்றுத் திட்டு 4 சென்டிமீட்டர் என்றால், கண்ணாடியின் குறுக்கே ஐந்து திட்டுகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒளியை ஒரு பக்கம் இழுக்கும். அந்த இரவில் ஷட்டரைத் திறந்து வைத்துச் சாதாரண போட்டோ எடுத்தால், வியாழனில் சுமார் 8,500 கிலோமீட்டர் அளவுக்குக் கீழே உள்ள எதுவும் தெரியாது. வியாழனின் புகழ்பெற்ற பெரும் சிவப்புப் புள்ளியின் அகலமே ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர்தான். ஆக, அது ஒரு மங்கிய கறையாகத் தெரியும், அவ்வளவுதான்.

அதே கண்ணாடிக்கு, காற்றே இல்லாவிட்டால் 1,750 கிலோமீட்டர் வரை பிரித்துக் காட்டும் திறன் உண்டு. 8,500-க்கும் 1,750-க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை மீட்டெடுப்பதுதான் லக்கி இமேஜிங்கின் வேலை.

பெரிய தொலைநோக்கி வாங்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. இதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊர் இருக்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் உள்ளது. 1986 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது.

கணக்குப்படி பார்த்தால் அந்தக் கண்ணாடி வியாழனில் 150 கிலோமீட்டர் வரை பிரித்துக் காட்ட வேண்டும். ஓசூரில் இருந்து வேலூர் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் காற்றுத் திட்டு 5 சென்டிமீட்டராக இருக்கும் ஓர் இரவில், நேரடியாக எடுக்கும் போட்டோவில் அதுவும் 6,800 கிலோமீட்டர் அளவில்தான் நின்றுவிடும். 8 இன்ச் தொலைநோக்கிக்கும் அதே 6,800-தான். பெரிய கண்ணாடி அதிக வெளிச்சத்தைச் சேர்க்கும். மிக மங்கலான பொருள்களைப் பார்க்க அது அவசியம். ஆனால் தெளிவு என்று வரும்போது, இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே காற்றுதான்.

'லக்கி' எங்கே வருகிறது?

கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பதை நினைத்துப் பாருங்கள். முப்பது பேர் நிற்கும்போது யாராவது ஒருத்தர் கண்ணை மூடிவிடுவார். அதனால் போட்டோகிராபர் பத்துப் பதினைந்து கிளிக் தட்டுவார். அதில் ஒன்றில் எல்லோரும் கண் திறந்து இருப்பார்கள். அது அதிர்ஷ்டம். ஆனால் நிறைய எடுத்தால் கிடைத்தே தீரும் அதிர்ஷ்டம்.

காற்றும் அப்படித்தான். திட்டுகள் ஓடிக்கொண்டே இருப்பதால், எப்போதாவது ஒரு கணம் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் எல்லாத் திட்டுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல அமைந்துவிடும். அந்த ஒரு கணத்தில் படம் கத்திபோல் தெளிவாக இருக்கும். அடுத்த கணம் கலைந்துவிடும். கேமரா வருவதற்கு முன்பு, கண்ணாலேயே பார்த்துக் கோள்களை வரைந்தவர்களும் இந்தக் கணத்துக்காகத்தான் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அந்தக் கணம் எவ்வளவு அடிக்கடி வரும்? 1978-இல் டேவிட் ஃபிரைட் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்:

```
P ≈ 5.6 × exp(−0.1557 × (D/r0)²)
```

இதில் D என்பது கண்ணாடியின் அகலம், r0 என்பது காற்றுத் திட்டின் அகலம், P என்பது ஒரு பிரேம் நல்ல பிரேமாக அமையும் வாய்ப்பு. D, r0-வைப்போல மூன்றரை மடங்காவது இருக்கும்போது இந்தச் சூத்திரம் பொருந்தும். 'நல்ல பிரேம்' என்றால், காற்றால் ஏற்படும் பிழை ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்.

சூத்திரம் வேண்டாம் என்றால், 20 சென்டிமீட்டர் கண்ணாடிக்குக் கிடைக்கும் விடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்:

- காற்றுத் திட்டு 5 செ.மீ. என்றால்: 100 பிரேமில் சுமார் 46 நல்லவை
- காற்றுத் திட்டு 4 செ.மீ. என்றால்: 100-க்கு சுமார் 11
- காற்றுத் திட்டு 3 செ.மீ. என்றால்: 200-க்கு ஒன்று

வெறும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி என்பது 200-க்கு ஒன்று என்று இறங்கிவிடுகிறது. ஒரு நாள் பிரமாதமாக வந்த படம் மறுநாள் அதே கருவியில், அதே இடத்தில் வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இதே கணக்கைக் காவலூரின் 2.34 மீட்டர் கண்ணாடிக்குப் போட்டால்? பிரபஞ்சத்தின் வயது முழுக்க வீடியோ எடுத்தாலும் ஒரு நல்ல பிரேம் கிடைக்காது. கண்ணாடியின் குறுக்கே மட்டும் 46 திட்டுகள் நிற்கின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் ஒழுங்காக அமையவே அமையாது. அதனால் அங்கே வேறு வழியைக் கையாண்டார்கள். பிரான்ஸ் விஞ்ஞானி அந்துவான் லபெய்ரி 1970-இல் சொன்ன 'ஸ்பெக்கிள்' முறையில், எந்தப் பிரேமையும் ஒதுக்காமல் எல்லாவற்றையும் கணித முறையில் சேர்த்துத் தகவலைப் பிரித்தெடுப்பார்கள்.

அப்படியானால் பெரிய தொலைநோக்கியில் லக்கி இமேஜிங் முடியவே முடியாதா? முடிந்திருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு, ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள 2.56 மீட்டர் நார்டிக் தொலைநோக்கியில் 2000-களில் இதைச் செய்துகாட்டியது. கண்ணாடி காவலூரில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆனால் அது சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், கடல் சூழ்ந்த மலை உச்சியில் இருக்கிறது. அங்கே காற்றுத் திட்டுகள் பெரியவை. அகச்சிவப்புக்கு அருகில் உள்ள ஒளியில் பார்த்தபோது, நூற்றுக்கு ஒரு பிரேம் என்ற அளவில் நல்லவை கிடைத்தன.

ஓசூருக்கு என்ன சாதகம், என்ன பாதகம்?

முதலில் சாதகம். ஓசூர் நிலநடுக்கோட்டில் இருந்து சுமார் 12.7 டிகிரி வடக்கே இருக்கிறது. வியாழன், சனி எல்லாம் வானத்தில் நடமாடும் பாதை இங்கே உயரமாக அமைகிறது. 2026 ஜனவரி 10 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்தபோது, ஓசூரில் நள்ளிரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நின்றது. லண்டனில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கோள் உயரே இருந்தால் அதன் ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன் குறைவு. படமும் அந்த அளவுக்கு ஆடாது.

பெங்களூரு பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கிறதே, சிப்காட் விளக்குகள் விடிய விடிய எரிகின்றனவே என்று கேட்கலாம். கோள்களைப் படம் எடுக்க அது ஒரு பிரச்சினையே இல்லை. வியாழன் அவ்வளவு பிரகாசமானது. பால்வீதியைப் படம் எடுக்கத்தான் இருட்டு வேண்டும்.

பாதகம், சூடு. கான்கிரீட் மொட்டை மாடி பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிக்கொண்டு, நள்ளிரவு வரை அதை வெளியே விடும். ஏசி வெளிப்புற யூனிட், நைட் ஷிஃப்ட் ஓடும் ஷெட்டின் கூரைத் துவாரம், எல்லாமே சூடான காற்றை மேலே அனுப்புகின்றன. கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளும் கான்கிரீட் போலத்தான், சூட்டை லேசில் விடாது. புல்லும் மண்ணும் உள்ள தரை சீக்கிரம் ஆறும். ராஜஸ்தானில் உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்கு நடுவில் கட்டியதும் இதனால்தான். தண்ணீர் தரையைப்போல வெயிலில் சூடேறாது, அதனால் அதன் மேலே உள்ள காற்றும் அமைதியாக இருக்கும்.

சரி, படம் ஆடுவதற்குக் காரணம் மேலே உள்ள காற்றா, நம்ம வீட்டு மாடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை எடுத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துப் பாருங்கள். நட்சத்திரம் ஒரு வட்டத் தட்டுபோலத் தெரியும். அந்தத் தட்டின் குறுக்கே ஓடைபோல வேகமாக ஒரே திசையில் ஏதோ ஓடினால், அது உயரத்தில் வீசும் காற்று. உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாக, ஊதுவத்திப் புகைபோலச் சுருண்டு எழுந்தால், அது தொலைநோக்கிக் குழாய்க்குள்ளோ பக்கத்திலோ இருக்கும் சூடு. குழாயை ஒரு மணி நேரம் வெளியே வைத்து ஆறவிட்டாலோ, இடத்தை மாற்றினாலோ இது சரியாகும்.

ஒரு வீடியோ எடுத்துப் பார்க்கலாம்

8 இன்ச் தொலைநோக்கி, கோள்களுக்கான சிறிய வீடியோ கேமரா, வியாழன் உச்சியில், காற்றுத் திட்டு 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு பிரேமும் 10 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பிரேம் முடிவதற்குள் காற்று மாறிவிடும், அந்த நல்ல கணமும் கலங்கிப் போகும். செகண்டுக்கு 100 பிரேம் என்று எடுத்தால் 2 நிமிடத்தில் 12,000 பிரேம்கள். 640 × 480 அளவில் சுருக்காமல் சேமித்தால் இந்த ஒரு வீடியோ மட்டும் 3.7 ஜிபி வரும். லேப்டாப்பில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இல்லையென்றால் பிரேம்கள் விட்டுப்போகும்.

ஏன் 2 நிமிடம்? கூடுதலாக எடுத்தால் இன்னும் நிறைய நல்ல பிரேம் கிடைக்குமே? வியாழன் நிற்காது என்பதுதான் சிக்கல். பத்து மணி நேரத்துக்குள் அது ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதன் நடுக்கோட்டில் உள்ள மேகம் செகண்டுக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறது. 2 நிமிடத்தில் 1,500 கிலோமீட்டர். நம் தொலைநோக்கியின் எல்லையான 1,750-க்குள் அது அடங்குகிறது. 10 நிமிடம் எடுத்தால் 7,500 கிலோமீட்டர் இழுபட்டு, காற்று செய்த அதே நாசத்தை நாமே செய்துகொள்வோம். அதற்கு மேல் எடுக்க வேண்டும் என்பவர்கள் தனித்தனி 2 நிமிட வீடியோக்களாக எடுத்து, WinJUPOS என்ற மென்பொருளில் சுழற்சியைத் திருத்திச் சேர்க்கிறார்கள்.

பொறுக்குவது எப்படி?

இதற்கு உலகம் முழுக்கப் பெரும்பாலானோர் பயன்படுத்துவது AutoStakkert என்ற இலவச மென்பொருள். அது ஒவ்வொரு பிரேமிலும் விளிம்புகளும் நுண்விவரங்களும் எவ்வளவு கூர்மை என்று அளந்து மதிப்பெண் போடுகிறது. பிறகு முதல் ரேங்கில் இருந்து கடைசி வரை வரிசைப்படுத்தி வரைபடமாகக் காட்டுகிறது.

எத்தனை சதவீதம் வேண்டும் என்று இப்போது நீங்கள் சொல்ல வேண்டும். நிறைய பேர் தடுமாறும் இடம் இது.

'மிகச் சிறந்த 1 சதவீதம் மட்டும் போதும்' என்றால் 120 பிரேம் கிடைக்கும். ஒவ்வொன்றும் கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் 10 மில்லி செகண்டில் எடுத்த பிரேமில் புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைய இருக்கும். பிரேம்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்கும்போது இந்த இரைச்சல் குறைகிறது. எவ்வளவு குறையும் என்றால், எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு. 120 பிரேம் சேர்த்தால் 11 மடங்கு குறையும். 1,200 சேர்த்தால் சுமார் 35 மடங்கு. 6,000 சேர்த்தால் 77 மடங்கு.

அப்போ 6,000 சேர்த்துவிடலாமே? காற்றுத் திட்டு 4 சென்டிமீட்டராக உள்ள இரவில் நல்ல பிரேமே மொத்தம் 1,370 அளவில்தான் இருக்கும் என்று ஃபிரைட் கணக்கு சொல்கிறது. 6,000 எடுத்தால் அதில் முக்கால்வாசிக்கு மேல் கலங்கியவை. வழவழவென்று இருக்கும், ஆனால் விவரம் இருக்காது. ஆகவே இந்த இரவுக்கு 10 சதவீதம், 1,200 பிரேம் என்பது நியாயமான தேர்வு. திட்டு 5 சென்டிமீட்டராக இருந்த இரவில் 40 சதவீதம் வரை தாராளமாகப் போகலாம். 3 சென்டிமீட்டர் என்றால் 12,000-இல் 66 பிரேம்தான் தேறும். அன்றைக்குக் கருவியை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவது உத்தமம்.

நடைமுறையில் காற்றுத் திட்டை யாரும் அளப்பதில்லை. ஒரே வீடியோவை 1, 10, 50 என மூன்று சதவீதத்தில் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். 10-க்கும் 50-க்கும் தெளிவில் வித்தியாசமே இல்லையென்றால் அது நல்ல இரவு, 50-ஐயே வைத்துக்கொள்ளலாம்.

இந்த மென்பொருள் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரே பிரேமில் வியாழனின் இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் கலங்கியும் இருக்கலாம். அதனால் கோளின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக நல்ல பிரேமைத் தேடுகிறது. குரூப் போட்டோவில் மாமாவின் முகத்தை மூன்றாவது கிளிக்கில் இருந்தும், அத்தையின் முகத்தை ஏழாவது கிளிக்கில் இருந்தும் எடுத்து ஒட்டுவதுபோல.

சேர்த்து முடித்த படம் முதலில் மங்கலாகத்தான் தெரியும். RegiStax போன்ற மென்பொருளில் கூர்மைப்படுத்திய பிறகுதான் பட்டைகளும் சுழல்களும் மேலெழுந்து வரும். இரைச்சல் குறைவாக இருந்தால்தான் இந்தக் கூர்மைப்படுத்தலைப் படம் தாங்கும். 120 பிரேம் படம் இங்கேதான் மண் தூவியதுபோல ஆகிவிடும்.

படத்தில் தெரிவது நிஜம்தானா?

கூர்மைப்படுத்தும் பட்டியைக் கொஞ்சம் அதிகமாக நகர்த்தினால், வியாழனில் இல்லாத விஷயங்களும் படத்தில் முளைக்கும். கோளின் ஓரத்தை ஒட்டி உள்ளே இன்னொரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது மேகம் இல்லை, கூர்மைப்படுத்தியதன் விளைவு. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான வளையங்களும், வலைபோன்ற கட்டங்களும் அப்படித்தான்.

பொறுக்கும் வேலையிலேயே தவறு நடக்கலாம். கேமராவின் கெயினை ரொம்ப ஏற்றினால், மென்பொருள் இரைச்சல் புள்ளிகளையே 'கூர்மை' என்று நினைத்து முதல் ரேங்க் கொடுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, ரேங்க் வரிசையில் முதல் பிரேமையும் கடைசிப் பிரேமையும் கண்ணால் பாருங்கள். முதலாவது பளிச்சென்று தெளிவாகவும், கடைசி கலங்கியும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மென்பொருள் அளந்தது வேறு எதையோ என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை, பத்து நிமிடம் கழித்து இன்னொரு வீடியோ எடுப்பது. நிஜமான மேகம் இரண்டு படத்திலும் இருக்கும். அதோடு கோளின் சுழற்சிக்கு ஏற்ப ஒரு பக்கமாக நகர்ந்தும் இருக்கும். கேமராவில் ஒட்டிய தூசி கோளோடு சேர்ந்து சுழலாது. மென்பொருள் உருவாக்கிய கோடு இரண்டாவது படத்தில் வேறு இடத்தில், வேறு வடிவத்தில் வரும்.

கறுப்பு நிறத்தில் ஒரு புள்ளி

இப்படி இரவுக்கு இரவு எடுத்துப் பார்த்ததில் கிடைத்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. 2009 ஜூலை 19 அன்று, ஆஸ்திரேலியாவின் முரம்பேட்மன் என்ற சிற்றூரில் அந்தோனி வெஸ்லி என்ற ஆர்வலர், தன் வீட்டில் இருந்த 14.5 இன்ச் தொலைநோக்கியில் வியாழனைப் படம் எடுத்தார். தென் துருவத்துக்கு அருகே அதுவரை இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி. ஹவாய் தீவில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதி செய்தது. ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருந்தது. நான்கு நாளில் ஹபிள் தொலைநோக்கியே அந்தப் பக்கம் திரும்பியது.

அடுத்த ஆண்டு, 2010 ஜூன் 3 அன்று, அதே வெஸ்லியும் பிலிப்பைன்ஸில் இருந்து கிறிஸ்டோபர் கோவும் வியாழனில் இரண்டு செகண்டு நீடித்த ஒரு மின்னலைத் தனித்தனியாக வீடியோவில் பிடித்தார்கள். அதுவும் ஒரு மோதல்தான்.

லக்கி இமேஜிங் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இங்கே இருக்கிறது. இரண்டு செகண்டு என்றால் நம் 12,000 பிரேமில் 200 பிரேம். அந்த 200-ம் கலங்கிய பிரேமாக இருந்தால், மென்பொருள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். தெளிவாக இருந்தாலும்கூட, மற்ற ஆயிரம் பிரேமோடு சேர்த்துச் சராசரி எடுக்கும்போது மின்னல் கரைந்து போகும். அழகான இறுதிப் படத்தில் அதன் சுவடே இருக்காது. அதனால் டிஸ்க்கில் இடம் இல்லை என்று மூல வீடியோவை உடனே அழிக்காமல், DeTeCt என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகி இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த மார்க் டெல்குவா இதற்காகவே எழுதியது அது.

செல்போன் மட்டும் இருந்தால்?

4 இன்ச் தொலைநோக்கியின் கண்ணில் செல்போனைப் பொருத்தி வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கண்ணாடி 10 சென்டிமீட்டர்தான் என்பதால் அதன் குறுக்கே நிற்பது இரண்டு மூன்று திட்டுகள்தான். பெரும்பாலான பிரேம்கள் நல்லவையாகவே இருக்கும். படம் அங்கும் இங்கும் குதிக்கும், அவ்வளவுதான். பொறுக்குவதைவிட ஒழுங்காக அடுக்குவதுதான் இங்கே வேலை. எக்ஸ்போஷரைப் பூட்டி, வியாழன் வெள்ளை உருண்டையாக வெளுத்துப் போகாத அளவுக்குக் குறைத்து வையுங்கள். செல்போன் வீடியோவைச் சுருக்கிச் சேமிப்பதால் நுண்விவரம் கொஞ்சம் போகும். இரண்டு பட்டைகள் தெளிவாக வரும், நான்கு பெரிய நிலவுகள் புள்ளியாக வரும். சிவப்புப் புள்ளி நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கும் நேரம் என்றால் அதுவும் மங்கலாகத் தெரியலாம்.

8 இன்ச் வைத்திருப்பவர்களுக்குச் சுமாரான இரவில் உதவும் ஒரு வழியும் உண்டு. கேமராவுக்கு முன்னால் அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டால், அந்த ஒளிக்குக் காற்றுத் திட்டுகள் பெரிதாகத் தெரியும். 4 சென்டிமீட்டர் திட்டு 5.3 சென்டிமீட்டர் போல நடந்துகொள்ளும். 11 சதவீதமாக இருந்த நல்ல பிரேம் பாதிக்கு மேல் ஏறிவிடும். இதற்கு விலை, நிறம் போய்விடும். பிரித்தறியும் எல்லையும் 1,750-இல் இருந்து சுமார் 2,200 கிலோமீட்டராக ஏறும். ஆனாலும் 8,500-ஐவிட அது எவ்வளவோ மேல்.

வியாழன் அடுத்த முறை சூரியனுக்கு நேர் எதிரே வருவது 2027 பிப்ரவரியில். அப்போதும் ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் நள்ளிரவில் உச்சிக்கு அருகேதான் இருக்கும். மாடி ஆறிய பிறகு, நள்ளிரவு தாண்டி எடுக்கும் வீடியோவில்தான் நல்ல பிரேம்கள் அதிகம் தேறும்.